லேபர் ஆபீஸ் சமரசத்தில் ஒன்றரை லட்சம் தருகிறார்கள், 12(3)-இல் கையெழுத்து போடலாமா?

சிங்காநல்லூர் தங்கச்சி · 12 ஜூலை 2024, இரவு

எங்க அண்ணன் பம்ப் கம்பெனியில டர்னருங்க. 2014 ஜூன்ல சேர்ந்தவர். இந்த மார்ச்ல எட்டாம் தேதி வரைக்கும் போனார். அப்புறம் அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்ததால பத்துப் பன்னிரண்டு நாள் போகலை, போன்ல மட்டும் சூப்பர்வைசர்கிட்ட சொன்னார். மார்ச் 20 தேதி போட்டு பதிவுத் தபால் வந்துது: "தாங்களாகவே வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் கருதி தங்கள் பெயர் நீக்கப்படுகிறது". மெமோ இல்லை, விசாரணை இல்லை. மே மாசம் லேபர் ஆபீஸ்ல நீக்கத்தை எதிர்த்து 2ஏ மனு கொடுத்தோம். மூணு வாய்தா முடிஞ்சுது. மூணாவதுல கம்பெனி ஒன்றரை லட்சம் தர்றோம், எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு டைப் பண்ணின பேப்பரோட வந்துட்டாங்க. ஆபீசரும் "யோசிச்சு 25ஆம் தேதி வாங்க"ன்னார்.

கேள்வி ரெண்டு. கையெழுத்து போட்டா அப்புறம் கோர்ட்டுக்குப் போக முடியாதா? போடலைன்னா ஆபீசர் நமக்கு எதிரா எழுதிடுவாரா?

அரைக்கால் வக்கீல் · 12 ஜூலை 2024, இரவு

பயப்படாம போடுங்க. லேபர் ஆபீசர் என்ன ஜட்ஜா? அங்க போடற கையெழுத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. பணத்தை வாங்கிட்டு, அப்புறமா லேபர் கோர்ட்ல கேஸ் போட்டுக்கலாம். பசங்க நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க.

பழைய செயலாளர் · 13 ஜூலை 2024, காலை

மேலே சொன்னதில் பாதிதான் சரி. ஆபீசர் ஜட்ஜ் இல்லை, அது உண்மை. நீக்கம் செல்லாது என்றோ செல்லும் என்றோ அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம், ஆவணம் கேட்கலாம், ஒரு முடிவுக்கு வரச்சொல்லித் தள்ளலாம். அதற்கு மேல் அதிகாரம் இல்லை. அதனால் தங்கச்சியின் இரண்டாவது கேள்விக்குப் பதில்: எதிராக எழுத முடியாது. சமரசம் முறிந்தால் "இன்ன தேதிகளில் பேசப்பட்டது, இன்னார் இப்படிச் சொன்னார், உடன்பாடு ஏற்படவில்லை" என்று முறிவு அறிக்கை போடுவார். அதை வைத்துக்கொண்டு லேபர் கோர்ட் தீர்ப்புச் சொல்லாது. அங்கே புதிதாக மனு, புதிதாகச் சாட்சி.

ஆனால் அவர் முன்னால் கையெழுத்தாகும் ஒப்பந்தம் வேறு ஜாதி. தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவில் சமரச நடவடிக்கைக்குள் ஏற்படும் ஒப்பந்தத்துக்கு, தொழிலாளி, நிர்வாகம், ஆபீசர் மூவரும் கையெழுத்துப் போட்டபின், சட்ட பலம் வந்துவிடுகிறது. தகராறு அதோடு முடிந்தது. பணத்தையும் வாங்கிக்கொண்டு லேபர் கோர்ட்டுக்குப் போனால், "தகராறே மிச்சமில்லை" என்று முதல் வாய்தாவிலேயே நிர்வாகம் அந்தப் பேப்பரை நீட்டும். ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நிரூபித்தால்தான் மேலே போகலாம். ஆபீசர் முன்னால், படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்தை மிரட்டல் என்று நிரூபிப்பது லேசில்லை.

அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது? வார்த்தைக்கு வார்த்தை டைப் பண்ணிப் போடுங்கள் அம்மணி. தொகையைவிட அதுதான் முக்கியம்.

ஹொசூர் மென்பொருள் · 13 ஜூலை 2024, காலை

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் டீம் லீட், ரிசைன் பண்ணச் சொல்றாங்க, செவரன்ஸ் ரெண்டு மாசம். நானும் இந்த 12(3) கேக்கலாமா?

பழைய செயலாளர் · 13 ஜூலை 2024

உங்களுடையது வேறு கேள்வி. முதலில் நீங்கள் சட்டப்படி தொழிலாளியா என்பதே தகராறாகும். பதவிப் பெயர் முக்கியமில்லை, என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் முக்கியம். லீவு சாங்ஷன், மதிப்பீடு, ஆளெடுப்பு எல்லாம் உங்கள் கையில் இருந்திருந்தால் கஷ்டம். தனி இழை தொடங்குங்கள். இதில் டர்னர் கதை முடியட்டும்.

சிங்காநல்லூர் தங்கச்சி · 13 ஜூலை 2024, மாலை

இதுதாங்க பேப்பர்ல இருக்கு:

"மனுதாரர் 08.03.2024 அன்றே தம் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொண்டார். மனுதாரருக்கு பணிக்கொடை உட்பட சட்டப்படியான அனைத்துப் பலன்களுக்கும் முழு மற்றும் இறுதித் தீர்வாக ரூ.1,50,000 நிர்வாகத்தால் வழங்கப்படும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என மனுதாரர் உறுதியளிக்கிறார்."

அவ்வளவுதான். ஆறு வரி.

பழைய செயலாளர் · 13 ஜூலை 2024, இரவு

ஆறு வரியில் பத்து வருஷத்தைச் சுருட்டிவிட்டார்கள். கணக்குப் போடலாம். அண்ணனின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து எவ்வளவு? மொத்தச் சம்பளம் எவ்வளவு? மிச்ச லீவு எத்தனை நாள்?

சிங்காநல்லூர் தங்கச்சி · 14 ஜூலை 2024

அடிப்படை + டிஏ 18,200. மொத்தம் 22,100. சம்பள லீவு 12 நாள் மிச்சம். மார்ச்சில் வேலை செஞ்ச எட்டு நாள் சம்பளமும் இன்னும் வரலைங்க.

பழைய செயலாளர் · 14 ஜூலை 2024, இரவு

நன்றாகக் கவனியுங்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: கடைசியாக வாங்கிய அடிப்படை + டிஏவை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு உரியது. 18,200-க்கு அது 10,500. சர்வீஸ் ஒன்பது வருஷம் ஒன்பது மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷம், ஆகவே பத்து. 1,05,000 ரூபாய்.

மார்ச் எட்டு நாள், ஒரு நாளுக்கு 850 வீதம் 6,800. லீவு 12 நாள் 10,200.

மூன்றும் சேர்ந்து 1,22,000. இது அவர் நாளைக்கே சிரித்த முகத்தோடு ராஜினாமா செய்திருந்தாலும் கம்பெனி கொடுத்தாக வேண்டிய பணம். போன வருஷத்துப் போனஸை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

1,50,000-இல் 1,22,000 போனால் 28,000. பத்து வருஷ வேலையையும், விசாரணையில்லாமல் பெயரை வெட்டியதையும், கோர்ட்டுக்குப் போகும் உரிமையையும் விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் வைத்த விலை 28,000. ஒன்றேகால் மாதச் சம்பளம்.

இப்போது மறுபக்கம். ஆள்குறைப்பு என்று சட்டப்படி அனுப்பியிருந்தால்கூட 25எஃப் பிரிவில் ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 22,100, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் பத்து வருஷத்துக்கு 1,10,500. இது கிராஜுவிட்டிக்கு மேல். ஆக எந்தத் தப்பும் செய்யாத தொழிலாளியை நேர்மையாக வீட்டுக்கு அனுப்பினாலே 1,22,000-உம் 1,32,600-உம் சேர்ந்து 2,54,600. பேச்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதுதான் அடித்தளம், கூரை அல்ல.

நிர்வாகப் பக்கம் · 15 ஜூலை 2024

நான் எதிர் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவன், ஓய்வு பெற்றாச்சு. செயலாளர் கணக்கு சரி, ஆனால் அடித்தளம் என்று சொல்வதை ஏற்க மாட்டேன். இது ஆள்குறைப்பு என்று கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லையே? லீவு சொல்லாமல் பத்து நாள் வராதவர் என்பது அவர்கள் வாதம். கோர்ட்டில் மூன்று நான்கு வருஷம் ஓடும், கடைசியில், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளம் பாதி, கால் என்று வெட்டப்படலாம். அவர் நடுவில் வேறு பட்டறையில் வேலைக்குப் போயிருந்தால் அதையும் கழிப்பார்கள். கோவையில் டர்னர் சும்மா உட்கார்ந்திருப்பாரா?

இருந்தாலும் ஒரு ரகசியம். பேப்பரை நிர்வாகமே டைப் பண்ணி எடுத்துக்கொண்டு வருகிறது என்றால் முடித்துவிட நினைக்கிறார்கள். முதலில் சொல்லும் தொகை கடைசித் தொகையாக நான் பார்த்ததில்லை.

பழைய செயலாளர் · 15 ஜூலை 2024

பின்சம்பளம் தானாக வராது என்பது சரி. ஆனால் விசாரணையே இல்லாமல் "தானாக விட்டு நின்றார்" என்று பெயரை வெட்டுவது நிற்காது. டி.கே.யாதவ் வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கம்பெனியின் பணி விதிகளான நிலையாணையில் அப்படி ஒரு விதி இருந்தாலும், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்க முடியாது. அது உங்கள் ஆட்களுக்கும் தெரியும். அதனால்தான் டைப் அடித்த பேப்பரோடு வந்தார்கள்.

அரைக்கால் வக்கீல் · 15 ஜூலை 2024

சரி, 12(3) பலமானதுன்னா, வெளியிலேயே பேசி 18(1) போட்டுக்கலாமே? அதுக்கு மதிப்பில்லை, கிழிச்சுப் போடலாம்.

பழைய செயலாளர் · 16 ஜூலை 2024

மறுபடியும் கிழிக்கவா! 18(1) என்பது சமரச நடவடிக்கைக்கு வெளியே இரு தரப்பும் போடும் ஒப்பந்தம். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டும். 12(3)-இல் ஏற்படுவது சங்கம் போடுவதாக இருந்தால், கையெழுத்துப் போடாத சங்கத்தின் ஆட்கள், நாளைக்குச் சேரப்போகும் ஆட்கள் எல்லோரையும் கட்டும். அந்த வித்தியாசம் சம்பள உயர்வு ஒப்பந்தத்தில் பெரிது. அண்ணன் மாதிரி தனிநபர் தகராறில் கட்டுவது எப்படியும் அவரையும் கம்பெனியையும்தான்.

அப்படியானால் தனிநபர் எதற்கு 12(3) கேட்க வேண்டும்? முதலாவது, ஆபீசர் முன்னால் படிக்கப்பட்டு அவர் கையெழுத்தும் இருப்பதால் "எனக்குத் தெரியாது, என் மேனேஜர் போட்டார்" என்று கம்பெனி பின்னால் சொல்ல முடியாது. இரண்டாவது, வெளியே போடும் 18(1)-இன் நகலை விதிப்படி அரசுக்கும் சமரச அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பாமல் அலமாரியில் வைத்துவிட்டால், அது சட்டம் சொல்லும் ஒப்பந்தமே இல்லை என்று பின்னால் வாதம் கிளம்பும். ஆபீசிலேயே போட்டால் அந்தத் தலைவலி இல்லை.

மதுரை மில் ரோடு · 16 ஜூலை 2024

செயலாளர் தோழர், ஒரு சந்தேகம். அவங்க பக்கம் "ஹெச்ஆர் கன்சல்டன்ட்"ன்னு ஒருத்தர் வந்து சட்டமா அடுக்குவாரே, வக்கீல் மாதிரியே இருக்கும். நம்ம வக்கீலைக் கூட்டிப்போனா மட்டும் விடமாட்டேங்கறாங்க?

பழைய செயலாளர் · 16 ஜூலை 2024

36(3)-இன்படி சமரசத்தில் எந்தப் பக்கமும் வக்கீல் ஆஜராக முடியாது. லேபர் கோர்ட்டில்கூட எதிர்த்தரப்பு சம்மதமும் கோர்ட் அனுமதியும் வேண்டும். கன்சல்டன்ட் வந்தால் முதல் வாய்தாவிலேயே அவர் கம்பெனி அதிகாரியா, முதலாளிகள் சங்கத்து நிர்வாகியா, அதிகாரக் கடிதம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பதிவாகிவிடும். தொழிலாளிக்கு வழி உண்டு: தன் சங்கத்து நிர்வாகி பேசலாம். சங்கத்தில் இல்லாதவர் என்றால் அந்தத் தொழிலில் உள்ள ஒரு சங்க நிர்வாகி எழுத்துமூல அதிகாரத்தோடு பேசலாம், இல்லையென்றால் அதே தொழிலில் வேலை செய்யும் இன்னொரு தொழிலாளி. வீட்டில் வக்கீலை வைத்துப் பேப்பரைப் படிக்கச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை.

சிங்காநல்லூர் தங்கச்சி · 17 ஜூலை 2024

அண்ணனுக்குப் பணமே வேண்டாமாங்க, திரும்ப வேலைதான் வேணுமாம். சமரசத்துல அதைக் கேக்க முடியுமா?

நிர்வாகப் பக்கம் · 17 ஜூலை 2024

கேட்கலாம், கொடுப்பதும் உண்டு. பின்சம்பளம் இல்லாமல், பணித்தொடர்ச்சியோடு, எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு திரும்ப எடுப்பது பழைய வழக்கம். சூப்பர்வைசருக்கும் அவருக்கும் முறைச்சல் என்றால் வேறு யூனிட்டில் போடுவார்கள். ஆனால் ஏழு நாளில் இன்னொரு மெமோ வந்தால் யார் என்ன செய்வது?

பழைய செயலாளர் · 17 ஜூலை 2024

அதையும் எழுத்தில் தடுக்கலாம், முழுசாக அல்ல. "பணித்தொடர்ச்சியுடன்" என்ற சொல் இருக்க வேண்டும். அது இல்லாமல் "மீண்டும் பணியில் அமர்த்தப்படுகிறார்" என்று மட்டும் எழுதினால், புதுசாகச் சேர்ந்ததாக நாளைக்கு நம்பர் மாற்றி, பழைய பத்து வருஷத்து கிராஜுவிட்டியைக் கேள்விக்குள்ளாக்குவார்கள். வராத நாட்கள் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதட்டும். 08.03-க்கும் சேரும் நாளுக்கும் நடுவே இருப்பது சர்வீஸில் சேருமா சேராதா என்பதையும் அதே வரியில் சொல்லட்டும்.

பணம் வாங்கி விலகுவதாக இருந்தால் நான் கேட்பது இதுதான். தொகையைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டும். பணிக்கொடை இவ்வளவு, நிலுவைச் சம்பளமும் விடுப்பும் இவ்வளவு, வேலை இழப்புக்கு இழப்பீடு இவ்வளவு. "உட்பட" என்ற ஒரு சொல்லைப் போட்டுத்தான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளுகிறார்கள். பிரித்து எழுதினால் வருமான வரிக்காரரிடமும் பேசலாம், ஏனென்றால் பணிக்கொடைக்கு உள்ள விலக்கு வேறு, இழப்பீட்டுக்கு உள்ளது வேறு.

நீக்கத்தைக் குற்றம்போல் காட்டும் சொல் எதுவும் கூடாது. "08.03-இலேயே தானாக விலகினார்" என்பதை வெட்டுங்கள். "20.03.2024 தேதியிட்ட கடிதம் திரும்பப் பெறப்படுகிறது, ஒப்பந்த நாளில் இருந்து மனுதாரர் பணியிலிருந்து விலகுகிறார்" என்று கேட்டுப் பாருங்கள். அனுபவச் சான்றிதழ் எத்தனை நாளில், பிஎஃப் பதிவில் வெளியேறிய தேதியை எத்தனை நாளில் ஏற்றுவார்கள் என்பதும் வேண்டும். அந்தத் தேதி ஏறாவிட்டால் அவர் பிஎஃப் எடுக்க அலைய வேண்டிவரும்.

கோனியம்மன் தெரு · 17 ஜூலை 2024

பென்ஷன் பக்கமும் கவனிங்க. பிஎஃப்போட வர்ற இபிஎஸ் பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேணும், ஒன்பதரை தாண்டினா பத்தாவே எடுத்துக்கறாங்க. அண்ணனுக்கு ஒன்பது வருஷம் ஒன்பது மாசம், நூல் அளவுல தப்பிச்சார். தேதியை முன்னாடி தள்ளி எழுதற கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?

நிர்வாகப் பக்கம் · 18 ஜூலை 2024

எங்களுக்கு அவ்வளவு நுணுக்கம் தெரிந்திருந்தால் நாங்கள் ஆபீசர் ஆகியிருப்போமே. தேதியை முன்னால் தள்ளி எழுதுவது சம்பள நாளை மிச்சம் பிடிக்கத்தான், பென்ஷனை அறுக்க அல்ல.

அரைக்கால் வக்கீல் · 18 ஜூலை 2024

கிராஜுவிட்டி விஷயத்துல நான் சொல்றது கண்டிப்பா சரி. "உட்பட"ன்னு போட்டாலும், கையெழுத்து போட்டாலும், பணிக்கொடைச் சட்டம் 14ஆம் பிரிவு வேற எந்த ஒப்பந்தத்தையும் மீறி நிக்கும். அப்புறமா பணிக்கொடைக்கான கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட தனியா கேக்கலாம்.

பழைய செயலாளர் · 18 ஜூலை 2024

இந்தத் தடவை பிரிவு சரி. கிராஜுவிட்டியை யாரும் எழுதி வாங்கி அழிக்க முடியாது. ஆனால் ஒன்றரை லட்சத்தில் பணிக்கொடை "உட்பட" என்று கையெழுத்துப் போட்டவரிடம் அதிகாரி முதலில் கேட்பது "அதில் எவ்வளவு பணிக்கொடை?" என்றுதான். கம்பெனி "1,05,000 முழுசும் அதில் இருந்தது" என்று சொல்லும், கணக்கும் பொருந்தும். அப்போது உங்களுக்குக் கிராஜுவிட்டி கிடைத்துவிட்டது, நிலுவைச் சம்பளமும் லீவும் போக மிச்சம் 28,000-தான் இழப்பீடு. மொத்தத் தொகை கிராஜுவிட்டியைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் வித்தியாசத்தைக் கேட்கலாம். பிரிக்காமல் எழுதிய பேப்பரில் பின்னால் என்ன வாதம் செய்வது என்பதில் நல்ல வக்கீல்களே ஒத்துப்போக மாட்டார்கள். அதனால்தான் முன்னாலேயே பிரிக்கச் சொல்கிறேன்.

மதுரை மில் ரோடு · 19 ஜூலை 2024

பேப்பர் முடிஞ்சு பணம் வரலைன்னா?

பழைய செயலாளர் · 19 ஜூலை 2024

கேட்க வேண்டிய கேள்வியை இப்போதுதான் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் வராவிட்டால் 33சி(1)-இல் அரசுக்கு மனுப்போடலாம். பணம் பாக்கி என்று திருப்தியானால் கலெக்டருக்குச் சான்று போகும், நில வருவாய் நிலுவை போல வசூலாகும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் அதற்கு மேலும் எடுக்கலாம். தனியாக, ஒப்பந்தத்தை மீறியதற்கு 29-ஆம் பிரிவில் வழக்குத் தொடர வழி உண்டு. ஆனால் அது பணத்தைக் கொண்டுவராது, அழுத்தம் தரும், அவ்வளவுதான்.

சான்று போனவுடன் பணம் வந்துவிடாது. வருவாய்த் துறையின் மேசையில் அது ஒரு கோப்பு. கம்பெனி பூட்டிப்போய், பாங்க் அடமானத்தில் மெஷின் எல்லாம் போயிருந்தால் வசூலிக்க எதுவும் இருக்காது. அதனால் பணத்தைக் கையெழுத்து நாளிலேயே வாங்குவதுதான் உத்தமம். டிமாண்ட் டிராப்ட் என்றால் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தவணை என்றால், ஒரு தவணை தவறினாலும் மொத்தமும் உடனே தர வேண்டும், இத்தனை சதவீத வட்டி என்று ஒரு வரி. பின்தேதி செக் வாங்குகிறவர்கள் செக் மூன்று மாதம்தான் செல்லும், திரும்பினால் முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கம் கெட்டது. பணம் தரும் முன்பே ராஜினாமாக் கடிதமும், "பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரும் வாங்கிக்கொள்வார்கள். பணம் வந்த பிறகே ரசீது. ராஜினாமாக் கடிதம் தேவையே இல்லை, ஒப்பந்தமே போதும்.

சிங்காநல்லூர் தங்கச்சி · 25 ஜூலை 2024, மதியம்

இப்பத்தான் வந்தோம். பிரிச்சு எழுதச் சொன்னோம், கம்பெனி மேனேஜருக்கு முகம் மாறிடுச்சு. "டோட்டலா பேசினா டோட்டல்தான்"னார். அப்புறம் ஒரு மணி நேரம் வெளியில போய் போன் பேசிட்டு வந்து 2,25,000-ன்னார். வேலை கேட்டோம், "வேகன்சி இல்லை"ன்னு ஒரே வரி. ஆபீசர் எழுதிக்கிட்டார். ஆகஸ்ட் 8 வாய்தா. ஆபீசர் தனியா கூப்பிட்டு "இதுக்கு மேல வராது, கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா ஆகும்"னு சொல்றார். அவர் கம்பெனி ஆளோன்னு அண்ணனுக்குச் சந்தேகம்.

பழைய செயலாளர் · 25 ஜூலை 2024

அவர் கம்பெனி ஆள் என்று முடிவு கட்ட இது போதாது. உடன்பாட்டுக்குத் தள்ளுவதுதான் அவர் வேலை, இரு பக்கமும் தனித்தனியாக அதையேதான் சொல்லியிருப்பார். வேகன்சி இல்லை என்றதை எழுத்தில் பதிவு செய்துவிட்டாரா? நல்லது. நாளைக்கே அதே யூனிட்டில் டர்னர் வேண்டும் என்று விளம்பரம் வந்தால் கத்தரித்து வையுங்கள்.

உங்கள் பக்கம் ஒரு பிடி இருக்கிறது. மனு கொடுத்து 45 நாள் தாண்டிவிட்டது. முறிவு அறிக்கைக்காகக் காத்திருக்காமல் நேராகவே லேபர் கோர்ட்டுக்கு 2ஏ(2)-இல் போகலாம். நீக்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் கணக்கு. எனவே அவசரம் உங்களுக்கு இல்லை. அதை மேசையில் சொல்லுங்கள், மிரட்டலாக அல்ல, தகவலாக.

நிர்வாகப் பக்கம் · 26 ஜூலை 2024

நான் அந்த மேனேஜராக இருந்தால் மூன்று லட்சம் வரை அனுமதி வாங்கி வைத்திருப்பேன். முழுக்கச் சொல்லிவிட்டேன், இனி என்னைத் திட்டாதீர்கள்.

சிங்காநல்லூர் தங்கச்சி · 9 ஆகஸ்ட் 2024

நேத்து முடிஞ்சுதுங்க. மொத்தம் 3,10,000. பணிக்கொடை 1,05,000, மார்ச் சம்பளமும் லீவும் 17,000, இழப்பீடு 1,88,000-ன்னு தனித்தனியா எழுதினாங்க. போனஸ் மற்ற தொழிலாளிகளுக்குத் தரும்போது தர்றதா ஒரு வரி. 20.03 கடிதம் வாபஸ். விலகின தேதி நேத்துத் தேதி. ரெண்டு லட்சம் டிடி கையில, மிச்சம் நவம்பர் 10-க்குள்ள. தவறினா வட்டியோடன்னு இருக்கு. பணித்தொடர்ச்சிக்குக் கேட்டோம், "மார்ச்லேர்ந்து ஆகஸ்ட் வரை சம்பளம் இல்லை, பணிக்காலமாகவும் கணக்கிடப்படாது"ன்னு எழுதினாங்க. அண்ணன் ஒத்துக்கிட்டார். இப்போ இன்னொரு இடத்துல வேலைக்கும் சேர்ந்துட்டார்.

கோனியம்மன் தெரு · 9 ஆகஸ்ட் 2024

பிஎஃப்ல வெளியேறின தேதி எதைப் போடுவாங்க? ஆகஸ்ட் 8-ன்னா நடுவுல ஐந்து மாசம் சந்தா இல்லாம நிக்கும். மார்ச்-ன்னா ஒப்பந்தத்தோட முரண்.

பழைய செயலாளர் · 10 ஆகஸ்ட் 2024

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பணம் தலைப்பு வாரியாகப் பிரிந்தது அருமை, ஆனால் தேதி வரி இரண்டு பக்கமும் இழுக்கிறது. கம்பெனி நடைமுறையில் கடைசியாகச் சந்தா கட்டிய மாதத்தைத்தான் ஏற்றும். பென்ஷன் கணக்கு சந்தா உள்ள காலத்தில்தான் நிற்கும், அது ஒன்பதரையைத் தாண்டுவதால் அண்ணனுக்குப் பாதகம் இல்லை. பதிவு ஏறியதும் அவருடைய பிஎஃப் எண்ணான யூஏஎன்-இல் நுழைந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர் தங்கச்சி · 22 நவம்பர் 2024

ரெண்டாவது தவணை 10ஆம் தேதி வரலைங்க. கேட்டா "ஆடிட்டர் லீவு". 18ஆம் தேதி பழைய செயலாளர் சொன்ன மாதிரி ஒப்பந்த நகலோட பதிவுத் தபால்ல எழுதினோம், 33சி(1) மனு போடப்போறோம்னு ஒரு வரி சேர்த்து. நேத்து 1,10,000 அக்கவுன்ட்ல ஏறிடுச்சு. வட்டி மட்டும் தரலை, பதினோரு நாளுக்கு. அதுக்காக அலையணுமா?

நிர்வாகப் பக்கம் · 22 நவம்பர் 2024

ஆடிட்டர் லீவாம்! பழைய வசனம், இன்னும் ஓடுது.

அரைக்கால் வக்கீல் · 23 நவம்பர் 2024

வட்டியை விடாதீங்க, பழக்கமாயிடும்.

பழைய செயலாளர் · 23 நவம்பர் 2024

சில நூறு ரூபாய்தான் வரும். ஒரு கடிதம் எழுதுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். அனுபவச் சான்றிதழ் வந்ததா என்று மட்டும் பாருங்கள்.

திருப்பூர் பனியன் · 3 டிசம்பர் 2025

பழைய இழையைத் தோண்டறேன். நவம்பர் 21-லேர்ந்து தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தாச்சே. இதுல சொன்ன 2ஏ, 12(3) எல்லாம் போச்சா?

பழைய செயலாளர் · 4 டிசம்பர் 2025

எண்கள் மாறுகின்றன, எலும்புக்கூடு பெரும்பாலும் அதேதான். தனிநபர் நீக்கம் புதிய சட்டத்திலும் தொழில் தகராறுதான், சமரச அலுவலர் உண்டு, அவர் முன்னால் ஏற்படும் ஒப்பந்தம் கட்டும். கவனிக்க வேண்டியது காலக்கெடு. தகராறு எழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அலுவலர் சமரசம் நடத்த முடியாது. முறிவு அறிக்கை வந்தால் தீர்ப்பாயத்துக்குப் போக 90 நாள். மேலே நான் மூன்று வருஷம் என்று சொன்னதைப் புதிய வழக்குகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருப்பூர் பனியன் · 4 டிசம்பர் 2025

எங்க சித்தப்பாவுக்கு நீக்கக் கடிதமே கொடுக்கலை. கேட்ல பேர் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அது 2024 ஜனவரி. ஹெச்ஆர் "கூப்பிடறோம்"னு ஜூன் வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார். ரெண்டு வருஷம் எதுலேர்ந்து?

அரைக்கால் வக்கீல் · 4 டிசம்பர் 2025

ஜூன்லேர்ந்துதான். அதுவரைக்கும் வேலை தர்றதாத்தானே சொன்னாங்க, தகராறு எங்க எழுந்துது?

பழைய செயலாளர் · 5 டிசம்பர் 2025

அப்படி வாதாடலாம். கம்பெனி ஜனவரியைச் சொல்லும். யார் ஜெயிப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஜூன் வரை "கூப்பிடறோம்" என்றதற்கு வாட்ஸ்அப்போ கடிதமோ இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்தச் சண்டையே வேண்டாம் என்றால் ஜனவரிக்கு முன்னாலேயே, அதாவது இந்த மாதத்துக்குள், மனுவை நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். சித்தப்பாவின் ஈஎஸ்ஐ எண், கடைசியாகச் சம்பளம் ஏறிய பாங்க் பக்கம், கேட்டில் திருப்பி அனுப்பிய நாளின் தேதி மூன்றும் மனுவோடு இருக்கட்டும்.